துடைத்துவிட்டு எடுத்த படங்கள்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஈரத்துணி அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. கையில் எந்நேரமும் ஒரு ஈரத்துணி இருக்கும். சாப்பாட்டு அறை மேஜையில் யாராவது டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனால், திரும்பி வருவதற்குள் டம்ளருக்கு அடியில் இருந்த நீர் வளையம் காணாமல் போயிருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அவர்கள் முழங்கையைத் தூக்கச் சொல்லி அங்கேயும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவாள்.

அழுக்கைக் கண்டால் ஆகாது என்பதில்லை. வேலையே அழுக்கோடுதான். ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் படுக்கை விரிப்புகள் அவள் கையைத் தாண்டிப் போகும். அழுக்கை அடுத்தவர் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவள் கவலை. வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் முதல் நாளே குனிந்து நிமிர்ந்து இடுப்பை ஒடித்துக்கொள்வாள். வந்தவர்கள், வீட்டை எப்படி இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், நேரமே கிடைக்கவில்லை, எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது என்று கூசாமல் ஒரு பொய் சொல்வாள்.

அந்த வீட்டில் அவள் ஒண்டிக்கட்டை. கணவன் இறந்தபோது மகளுக்கு ஏழு வயது. பத்தாவது வயதில் மகளை ஊரில் தன் அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறியவள், இரண்டு வருஷத்தில் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு ஏழாகிவிட்டது. ஓட்டல் சமையற்கட்டில் பாத்திரம் தேய்த்தாள், முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்தாள், ஒரு அறையில் நான்கு பேரோடு படுத்தாள். போன வருஷம்தான் சலவைக்கூடத்தில் நிரந்தர வேலையாயிற்று. நிரந்தர வேலை இல்லாமல் பிள்ளையை அழைக்க மனுப் போட முடியாது என்பது அந்த நாட்டுச் சட்டம். பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் அப்புறம் அது பிள்ளையே இல்லை, தனியாள் என்பதும் அதே சட்டம். மகளுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது.

வேலைக் காகிதம் வந்தது, நிரந்தர வேலையில் ஒரு வருஷச் சம்பளக் காகிதம் மகளின் பிறந்தநாளுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போதுதான் சேரும். அதுபோக மிச்சம் இருந்தது வீட்டுக் காகிதம் ஒன்றுதான். வீடு இரண்டு பேர் இருக்கத் தகுதியானது என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும், அதன்பிறகு குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து நேரில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் மூன்று மாதம்தான் செல்லும் என்பதால் மற்ற காகிதமெல்லாம் சேர்ந்த பிறகு கடைசியாகத்தான் அதை வாங்குவார்கள். எல்லாம் சேர்த்து மகளின் பிறந்தநாளுக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும்.

வீட்டுக்காரர் நம்ம ஆள். முப்பது வருஷத்துக்கு முன்னால் வந்து, டாக்ஸி ஓட்டி, இப்போது இரண்டு மணி நேரத் தூரத்தில் இன்னொரு ஊரில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். இரண்டாவது மாடியில் இருந்த இந்த இரண்டறை வீடு அவர் முதல்முதலில் வாங்கியது. வாடகைக்குக் கேட்டுப் போன அன்றைக்கே அவள் அவரை அண்ணா என்று கூப்பிட்டாள், அவர் தங்கச்சி என்றார், அவர் மனைவி அண்ணியானார். காகிதம் கேட்டபோது, நேரம் வரும்போது சொல்லும்மா, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன் என்றார். நல்ல மனிதர்தான். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரையாவது காட்ட முடிந்தால் எனக்கும் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டோடு சேர்த்துச் சமையலறையில் ஒரு வாஷிங் மெஷின் இருந்தது, முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்தது. அந்தக் கதவுக்கும் உள்ளே சுழலும் டிரம்முக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் தடியான ரப்பர் வளையம் ஒன்று மடிப்பு மடிப்பாக இருக்கும். கதவை மூடினால் அதன் உதடு கண்ணாடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் வெளியே வராது. பிறந்தநாளுக்கு இன்னும் எட்டு மாதம் இருந்த ஒரு சனிக்கிழமை, துணி சுற்றிக்கொண்டிருக்கும்போது மெஷினுக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. துடைத்தாள். சற்று நேரத்தில் மறுபடி நின்றது. துணியை எடுத்த பிறகு ரப்பர் மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தாள். அடிப்பக்கத்தில், மடிப்பின் உள்ளே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல்.

கையால் துவைத்துவிட்டுப் போகலாமே என்று யாருக்கும் தோன்றும். வலது தோளில் ஆபரேஷன் நடந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. கைக்குட்டையைப் பிழிந்தாலே தோள் வலிக்கும், போர்வையை எங்கே பிழிவது? சலவைக்கூடத்தில் சொந்தத் துணியைப் போட்டால் வேலை போய்விடும்.

அன்றைக்கே அண்ணனுக்குச் செய்தி அனுப்ப உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். கடைசியில் போனது இது:

“அண்ணா வணக்கம். நல்லா இருக்கீங்களா. அண்ணிக்கு முட்டி வலி இப்போ எப்படி இருக்கு. ரோடெல்லாம் வழுக்குது, வண்டி பாத்து ஓட்டுங்க. வீடு ரொம்ப நல்லா இருக்கு அண்ணா, எந்தக் குறையும் இல்ல. வாஷிங் மெஷின் கதவு ரப்பர்ல சின்னதா ஒரு கிழிசல் மாதிரி தெரியுது, கொஞ்சூண்டு தண்ணி வருது. நான் துடைச்சிக்கிறேன். அவசரம் ஒண்ணும் இல்ல, உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது பாத்தா போதும். அண்ணியைக் கேட்டதா சொல்லுங்க.”

கூடவே ஒரு படமும் அனுப்பினாள். படம் எடுப்பதற்கு முன்னால் என்ன செய்தாள் என்றால், தரையைத் துடைத்தாள். ரப்பர் மடிப்பில் ஒட்டியிருந்த நூல் குப்பையையும் சோப்புப் பிசுக்கையும் வழித்தாள். கண்ணாடியைப் பளபளவென்று ஆக்கினாள். மெஷினுக்கு முன்னால் புது மிதியடி ஒன்றை விரித்தாள். அண்ணன் ஆசையாக வாங்கிய வீடு, அதைச் சாக்கடை மாதிரி படம் எடுத்து அவருக்கே அனுப்பினால் என்ன நினைப்பார்? இந்தப் பெண் வீட்டை இப்படியா வைத்திருக்கிறது என்று நினைக்க மாட்டாரா? படத்தில் மெஷின் கடைக்கு வந்த புதுச் சரக்கு போல நின்றது. கிழிசல் மட்டும், உற்றுப் பார்த்தால், ஒரு கோடாகத் தெரிந்தது.

அண்ணன் குரல் செய்தி அனுப்பினார். மூன்று நிமிஷம். அதில் இரண்டே முக்கால் நிமிஷம் அண்ணியின் முட்டி. மிச்சத்தில், மெஷினைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் அதை இரண்டு முறை கேட்டுவிட்டு, பாவம் அண்ணி என்று உண்மையிலேயே வருத்தப்பட்டாள்.

ஒரு மாதம் போயிற்று. வாரத்துக்கு ஒரு தடவைதான் மெஷினைப் போட்டாள். துணியைக் குறைத்துப் போட்டாள். பழைய டவலைச் சுருட்டி மெஷினுக்கு முன்னால் அணை கட்டினாள். டவல் நனையும், எடுத்துப் பிழிய முடியாமல் வாளியில் போடுவாள், அடுத்த டவலை வைப்பாள். தண்ணீரைத் தான் பிடித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கிழிசல் ரப்பரின் உள்மடிப்பில் அல்லவா இருக்கிறது? அதன் வழியாக வெளியேறும் தண்ணீரில் பெரும்பங்கு மெஷினின் முன்தகட்டுக்கு உள்பக்கமாக வழிந்து அடியில் இறங்கி, தரை சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்ததால் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் வந்தது அவளுக்குக் காட்டிய சாம்பிள் மட்டும்தான். மெஷின் இரண்டு அலமாரிகளுக்கு நடுவில் இறுக்கமாகச் செருகியிருந்தது. அதை இழுத்துப் பார்க்கத் தோளில் தெம்பு வேண்டும்.

சலவைக்கூடத்து மெக்கானிக்கிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள். எல்லோரும் அவரை ஸ்பானர் என்பார்கள். வாயைத் திறந்தால் வைவது மாதிரி இருக்கும், ஆனால் யாருக்கும் உதவாமல் இருந்ததில்லை. படத்தைக் காட்டச் சொன்னார், பெரிதாக்கிப் பார்த்தார். கதவின் உள்விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் மாடல் நம்பர் இருக்கும், அதைப் பார்த்துச் சொல், அதே ரப்பரை வரவழைக்கிறேன், ஒரு மணி நேர வேலை என்றார். முன்பக்கத்தில் ரப்பரை இறுக்கிப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தைக் கழற்றி, பின்னால் டிரம் தொட்டியோடு சேர்த்திருக்கும் இன்னொரு வளையத்தையும் கழற்றி, பழையதை உருவிப் புதியதை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். கிழிசலை மேல்பக்கமாகத் திருப்பி வைத்தால் போதாதா என்று அவள் கேட்டாள். போதாது, மடிப்பில் தேங்குகிற தண்ணீர் உள்ளே திரும்புவதற்கு அடியில் ஓட்டைகள் இருக்கின்றன, அவை அடியிலேயேதான் இருக்க வேண்டும் என்றார்.

வழி கிடைத்துவிட்டது. வாயைத் திறந்து சரி என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் மெஷின் அண்ணனுடையது. கேட்காமல் எப்படிக் கை வைப்பது? மறுபடி செய்தி. மறுபடி முட்டி, மறுபடி ரோடு, நடுவில் ஒரு வரி: தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், நீங்கள் சரி என்றால் அவரைப் பார்க்கச் சொல்லலாமா, இல்லையென்றாலும் ஒன்றுமில்லை. மறுபடி துடைத்துவிட்டு எடுத்த ஒரு படம்.

அண்ணன் பதில் எழுதினார். வெளியாள் கை வைத்தால் இன்னொன்றைக் கெடுத்துவிடுவான், நம்ம மச்சான் இருக்கிறான், எல்லா வேலையும் தெரியும், அவனை அனுப்புகிறேன் என்றார். மச்சான் என்றால் அண்ணியின் தம்பி. அண்ணியின் தம்பியை வேண்டாம் என்று சொல்ல இவள் யார்?

ஸ்பானர் மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மச்சான் வருவதற்கு ஏழு வாரம் ஆயிற்று. வந்த அன்றைக்கு வீடு கண்ணாடியாக இருந்தது, டவல் அணை கண்ணில் படவில்லை, மெஷின் அடியில் தூசு தும்பு கிடையாது. அவர் டீ குடித்தார், ஊர்க்கதை பேசினார், துணி எதுவும் போடாமல் பதினைந்து நிமிஷ வாஷ் ஒன்றை ஓட்டிப் பார்த்தார். காலி டிரம் தண்ணீரை எங்கே வாரி ரப்பரில் அடிக்கப் போகிறது? ஒரு சொட்டு வரவில்லை. அவள் பக்கத்தில் நின்று, இப்படிப் பார்த்தால் வராது, துணி போட்டுப் பாருங்கள் என்று சொல்ல நினைத்தாள். வந்த மனிதரை வேலை கற்றுக்கொடுத்து அவமானப்படுத்தவா? மென்று முழுங்கிவிட்டாள். அவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டியூப் பசையை எடுத்து, கிழிசல் மேல் தாராளமாகத் தடவி, ஒரு நாள் காயவிடச் சொல்லிவிட்டுப் போனார். மச்சான் பிரமாதமாகச் செய்துவிட்டார் என்று அண்ணனுக்கு இவளே நன்றிச் செய்தியும் அனுப்பினாள்.

பசை இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. டிரம் ஆட ஆட ரப்பரும் இழுபடும், அதில் பசை எங்கே நிற்கும்? ஓரம் உரிந்து தொங்கியது. போதாததற்கு அந்தப் பசை அடியில் இருந்த ஓட்டைகளில் பாதியை அடைத்திருந்தது. மடிப்பில் தேங்கிய தண்ணீருக்கு உள்ளே திரும்ப வழியில்லாமல் எல்லாம் கிழிசல் வழியாகவே இறங்கியது. இதை ஸ்பானர் படத்தைப் பார்த்தவுடனே சொன்னார், சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வாள்? உங்கள் மச்சான் கெடுத்துவிட்டார் என்றா? இன்னும் மூன்று மாதத்தில் அதே அண்ணன் முன்னால் காகிதத்தை நீட்ட வேண்டும். கையெழுத்து ஆகட்டும், மகள் வந்து சேரட்டும், அப்புறம் ரப்பராவது மெஷினாவது, தன் காசிலேயே வாங்கி வைத்துவிடலாம். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவுசெய்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வரும் இடம் இதுதான். ஆனால் அவள் இடத்தில் இருந்து பார்த்தால் எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

மாதம் ஒரு செய்தி மட்டும் தவறாமல் போனது. லேசாக வருகிறது அண்ணா, பரவாயில்லை, சமாளிக்கிறேன். ஒவ்வொன்றோடும் ஒரு படம், ஒவ்வொரு படத்திலும் காய்ந்த தரை.

பிறந்தநாளுக்கு ஐம்பது நாள் இருக்கும்போது கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே வந்தார். தன் வீட்டுக் கூரையில் நான்கு மாதமாக ஒரு மஞ்சள் கறை இருக்கிறதாம், தன் குழாயில்தான் கோளாறு என்று தோண்டிப் பார்த்தாராம், ஒன்றும் இல்லையாம். இன்று காலை தையல் மெஷின் மேல் சொட்டியிருக்கிறது, ஒரு கல்யாணக் கோட்டு நனைந்துவிட்டது. கட்டட நிர்வாகத்திலிருந்து பிளம்பர் வந்தார், கூட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு மெஷினை இழுத்தார். பின்னால் சுவர் முழங்கால் உயரத்துக்குக் கறுத்திருந்தது. தரைப் பலகையின் ஓரத்தைத் தூக்கினார், அது கையோடு வந்தது. ஈரம் அளக்கும் கருவியின் இரண்டு ஊசிகளையும் சமையலறையில் குத்தினார், நடையில் குத்தினார், மகளுக்கென்று ஒதுக்கிவைத்த அறையின் வாசல்வரை குத்திக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் அது கத்தியது. அக்கா ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எதைத் துடைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் அண்ணன் வந்தார். காப்பீட்டுக் கம்பெனி ஆளும் வந்திருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: கசிவு வீட்டுக்காரருக்கு எப்போது தெரியும்? அண்ணன் போனை எடுத்தார். முதல் செய்தியிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். காப்பீட்டுக்காரர் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றும் தேதியோடு இருந்தது. இந்தத் தேதியில் தரை காய்ந்திருக்கிறது, இந்தத் தேதியில் காய்ந்திருக்கிறது, இந்தத் தேதியிலும் காய்ந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டே போனார். பிறகு, தண்ணீர் எங்கே தெரிகிறது என்று அவளிடம் கேட்டார். படம் எடுப்பதற்கு முன்னால் துடைத்துவிட்டேன் என்றாள் அவள். ஏன் துடைத்தீர்கள் என்று கேட்டார். அதற்குப் பதில் அந்த நாட்டு மொழியில் அவளுக்கு வரவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அவர் போன பிறகு அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்கும்.

“நீ சொல்லவே இல்லையேம்மா,” என்றார்.

“சொன்னேனே அண்ணா.”

“என்ன சொன்ன? அவசரம் இல்லன்னு சொன்ன. சமாளிக்கிறேன்னு சொன்ன. மச்சான் நல்லா பண்ணிட்டாருன்னு சொன்ன. நான் என்னன்னு எடுத்துக்கறது?”

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எல்லாவற்றையும் பூசி மெழுகி அனுப்பியது அவள் கைதான். அதே சமயம் ஆறு மாதத்தில் ஒரே ஒரு தடவை அவர் வந்து எட்டிப் பார்த்திருக்கலாம் என்பதும் பொய் இல்லை. அதை மட்டும் அவள் அப்போதும் சொல்லவில்லை.

தரையைப் பெயர்த்தார்கள். சமையலறையிலிருந்து நடை முழுக்கச் சிமென்ட் தெரிந்தது. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது பகலும் இரவும் உறுமியது, அதன் அடித்தொட்டி நிறையும் போதெல்லாம் எடுத்துக் கொட்ட வேண்டும். காய எட்டு வாரம், புதுத் தரை போட இரண்டு வாரம் என்று சொன்னார்கள். பிறந்தநாளுக்கு நாற்பத்தாறு நாள் இருந்தது.

அண்ணன் சொன்ன வாக்கில் நின்றார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு கேள்வி, வீட்டில் ஈரமோ பழுதோ உண்டா என்பது. இல்லை என்று பொய் எழுத அவருக்குக் கை வரவில்லை, வீட்டுக்குள் நுழைகிறவர் காதில் முதலில் விழுவதே அந்த உறுமல்தான். உண்டு, சரிசெய்யப்படுகிறது என்று எழுதினார். தன் வீட்டு மாடியறையைத் தருகிறேன் என்றும் சொன்னார். அதற்குப் புது ஒப்பந்தம், புது மனு, அந்த ஊர் அலுவலகத்தில் பார்வையிட வரிசை, எல்லாம் சேர்த்து பத்து வாரம் என்று பதில் வந்தது. அவள் வேலை முடிந்து வந்து வாடகை வீடுகளுக்கு போன் போட்டாள். இருபத்திரண்டு இடம். சில இடங்களில் அவள் பேச்சை முடிப்பதற்கு முன்னாலேயே வைத்துவிட்டார்கள். ஒரு இடத்தில் வரச் சொன்னார்கள், போனபோது வேறு ஒருவருக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும், செருப்பை வாசலில் கழற்றப் போனவள் உள்ளே சிமென்டைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். அறைகளை அளந்தாள், ஜன்னல்களைத் திறந்து மூடினாள். மகளின் அறையில் புதுக் கட்டில் இருந்தது, அதன் மேல் உறை போட்ட தலையணை இருந்தது, கட்டிலின் கால்கள் ஈரம் ஏறாமல் இருக்கச் செங்கல் மேல் நின்றன. அண்ணனும் அன்றைக்கு வந்திருந்தார். வீட்டுப் பழுது என்னுடையது, இந்தப் பெண் மேல் தப்பு இல்லை, இரண்டு மாதத்தில் புதுத் தரை போட்டுவிடுவேன் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்று அவளிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவளும் பொறுமையாகக் கேட்டாள். தனக்கு வருத்தமாக இருக்கிறது என்றாள், அது உண்மையாகத்தான் தெரிந்தது. ஆனால் வரப்போகும் நாளைப் பார்த்து எழுத எனக்கு அதிகாரம் இல்லை, இன்றைக்கு இருப்பதைத்தான் எழுத முடியும் என்றாள். தற்சமயம் தகுதியில்லை, பழுது நீங்கியபின் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று எழுதினாள். மீண்டும் விண்ணப்பிக்கும்போது மகளுக்குப் பதினெட்டு முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். அதை அக்கா விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். அந்தப் பெண் விரல்களைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அண்ணன் போகும்போது இயந்திரத்தின் தொட்டி நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அதைத் தூக்கிக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, திரும்ப மாட்டிவிட்டுக் கிளம்பினார்.

மகளிடம் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகளின் புதுக் கட்டிலில் உட்கார்ந்து போன் போட்டாள். உறுமல் கேட்காமல் இருக்கக் கதவைச் சாத்திக்கொண்டாள். வழக்கம்போலச் சுற்றி வளைத்துத்தான் ஆரம்பித்தாள். பெரியம்மா எப்படி இருக்கிறாள், பரீட்சை எப்போது, சாப்பிட்டாயா. மகள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு, ஆபீசிலிருந்து வந்தார்களா என்று அவளே கேட்டாள்.

முதல்முறையாக அக்கா எதையும் துடைக்காமல் சொன்னாள். கிழிசலிலிருந்து தொடங்கி, டவல், மச்சான், பசை, கீழ்வீட்டுக் கூரை, அந்தப் பெண் எழுதிய வரி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பெரியம்மா வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“ஆறு மாசமாம்மா?”

“ம்.”

“ஆறு மாசமா அவர்கிட்ட ஒரு சத்தம் போடலயா நீ? இது உங்க மெஷின், சரி பண்ணிக் குடுங்கன்னு ஒரு வார்த்தை?”

“எப்படிடி போடறது? அவர் கையெழுத்துப் போடணுமே. உன்னை வரவைக்கணுமேன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் நின்றுவிட்டது.

“அப்போ என்னாலதானாம்மா?”

இல்லை என்று சொல்ல வேண்டும் என்று அக்காவுக்குத் தெரிந்தது. இல்லைடி, உன்னால் இல்லை, இந்தப் பாழாய்ப்போன அம்மாவால், மச்சானால், சட்டத்தால், எதனால் வேண்டுமானாலும், உன்னால் மட்டும் இல்லை என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அழுவது மகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று போனைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து மகள் அதே கேள்வியை மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.